ஒரே கடை, ஒரே வருஷம், மூன்று விதமான சரக்குச் சுழற்சி. வங்கிக்கு எதைக் கொடுப்பது?

தென்காசி_ஜவுளி

எல்லோருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் அப்பாவும் நானும் ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம். பார்ட்னர்ஷிப். வங்கியில் சிசி லிமிட் கடனைப் புதுப்பிக்கக் கொடுத்த இடத்தில் ஒரு கேள்வி வந்து நிற்கிறது.

2024-25 கணக்கு இது. ஜிஎஸ்டி நீங்கலாக விற்பனை 240 லட்சம். ஏப்ரல் 1 அன்று இருப்பு 58 லட்சம். வருஷக் கொள்முதல் லாரி வாடகை சேர்த்து 184 லட்சம். மார்ச் 31 அன்று கடையில் எண்ணிப் பார்த்த இருப்பு 62 லட்சம்.

டாலியில் Ratio Analysis திறந்தால் 3.87 தடவை என்று காட்டுகிறது. ஆடிட்டர் கொடுத்த தாளில் 3 தடவை, அதாவது 4 மாத இருப்பு. கிளை மேனேஜரோ நாங்கள் மாதாமாதம் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு, “உங்களிடம் 5 மாதத்துக்கு மேல் சரக்கு நிற்கிறது, ஆடிட்டர் 4 மாதம் என்கிறார், எது உண்மை?” என்கிறார். அப்பா, “மூணு பேர் மூணு சொல்றாங்க, நீயே கேட்டுச் சொல்லு” என்று விட்டுவிட்டார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரோடு_மொத்தம்

தம்பி, இதுல குழப்பிக்க ஒண்ணுமில்ல. டாலி காட்டுறதை அப்படியே குடுங்க. வருஷ வியாபாரத்தை இருப்பால வகுத்தா சுழற்சி. நான் கடை ஆரம்பிச்ச காலத்துல இருந்து அப்படித்தான் பார்க்கிறேன். கல்லாவுல விழுறது விற்பனைப் பணம்தானே? அதை விட்டுட்டு அடக்கத்தை ஏன் புடிச்சுத் தொங்கணும்? 3.87-னா 94 நாள். ஜவுளிக்கு அது நல்ல நம்பர்தான், தைரியமா குடுங்க.

பேரேடு

ஈரோடு அண்ணன் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. டாலி திரையை நன்றாகப் பாருங்கள். எந்தக் கணக்கு என்று அதிலேயே எழுதியிருக்கும்:

```
Inventory Turnover
(Sales Accounts / Closing Stock)
```

மேலே இருப்பது விற்பனை விலை. கீழே இருப்பது அடக்கவிலையில் போட்ட சரக்கு. மேலே உங்கள் லாபம் சேர்ந்திருக்கிறது, கீழே சேரவில்லை. போதாததற்கு, கீழே இருப்பது ஒரே ஒரு நாளின் இருப்பு.

விற்ற சரக்கின் அடக்கத்தை முதலில் எடுப்போம். 58 லட்சத்தோடு 184 லட்சம் வந்து சேர்ந்தது, மொத்தம் 242. அதில் 62 மீதி நிற்கிறது. ஆக 180 லட்சம் அடக்கமுள்ள சரக்கு கடையை விட்டுப் போயிருக்கிறது. அதைத்தான் 240-க்கு விற்றிருக்கிறீர்கள். 58, 62 இரண்டின் சராசரி 60. 180-ஐ 60-ஆல் வகுத்தால் 3. 365 நாளை 3-ஆல் வகுத்தால் 122 நாள். ஆடிட்டரின் 4 மாதம் இப்படித்தான் வந்திருக்கிறது.

டாலிக்கும் ஆடிட்டருக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய முழுவதும் உங்கள் லாப விகிதம்தான். ஒரு உதாரணம் வைத்துப் பாருங்கள். இதே சரக்கை, இதே வேகத்தில், விலையை மட்டும் 10 சதவீதம் ஏற்றி 264 லட்சத்துக்கு விற்றிருந்தால் டாலி 4.26 காட்டும். ஒரு சேலைகூட முன்னதாகப் போயிருக்காது. அடக்கத்தை வைத்துப் போட்டால் அப்போதும் 3-தான் வரும்.

ஈரோடு_மொத்தம்

என் கடைல போட்டுப் பார்த்தேன். விற்பனை வச்சுப் போட்டாலும் அடக்கம் வச்சுப் போட்டாலும் ஒண்ணும் பெருசா மாறல. லுங்கி, நைட்டி மொத்த வியாபாரம், நிக்கிறது நூத்துக்கு நாலு ரூபா. ரெண்டு விதத்துக்கும் நாள் கணக்குல ரெண்டு மூணு நாள்தான் வித்தியாசம். அதனாலதான் இத்தனை வருஷம் எனக்குத் தட்டுப்படல போல.

பேரேடு

ஆமாம், நூற்றுக்கு நாலு நிற்கும் வியாபாரத்தில் தட்டுப்படாது. தென்காசித் தம்பிக்கு 25 நிற்கிறது. 94 நாளுக்கும் 122 நாளுக்கும் நடுவே ஒரு மாதம் இருக்கிறது.

மருந்துக்கடை_மதுரை

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எங்கள் மெடிக்கலில் சாஃப்ட்வேர் இருப்பை எம்ஆர்பி விலையில்தான் காட்டும். விற்பனையும் எம்ஆர்பியை ஒட்டித்தான். இரண்டையும் வகுத்தால் 30 நாள் வருகிறது. அப்படியானால் இன்று கொள்முதலை நிறுத்தினால் 30-ஆவது நாள் அலமாரி காலியாகிவிடுமா? எங்கள் கடையில் ஒரு வருஷமாக அசையாத ஊசி மருந்தெல்லாம் இருக்கிறதே?

பேரேடு

மேலேயும் கீழேயும் ஒரே விலை இருக்கிறவரை கணக்கு பொருந்தும். எம்ஆர்பிக்கு எம்ஆர்பி சரி, அடக்கத்துக்கு அடக்கம் சரி. நீங்கள் எம்ஆர்பியில் தள்ளுபடி கொடுத்து விற்பவர் என்றால் கொஞ்சம் விலகும். உள்ளூர்க் கடையில் அந்த விலகல் பெரிதாக இருக்காது.

அலமாரி காலியாகுமா என்றால், ஆகாது. 30 நாள் என்பது போட்ட பணம் சராசரியாக எத்தனை நாள் சரக்காக நிற்கிறது என்பதை மட்டும் சொல்லும். சுகர் மாத்திரை பத்து நாளில் தீர்ந்துவிடும், ஊசி மருந்து காலாவதி ஆகும்வரை இருக்கும், இரண்டும் சேர்ந்துதான் அந்த 30. காலாவதியைப் பார்க்க பேட்ச் வாரியான பட்டியல்தான் வேண்டும். இந்தக் கணக்கு அதற்கு உதவாது.

தென்காசித் தம்பி, மாதக் கடைசி இருப்புகளைப் போடுங்கள். மேனேஜர் கேட்டதற்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

தென்காசி_ஜவுளி

வங்கிக்குக் கொடுத்த ஸ்டேட்மென்ட்டில் இருந்து எடுத்தேன். எல்லாம் லட்சத்தில், அடக்கவிலை.

2024 மார்ச் 58, ஏப்ரல் 61, மே 66, ஜூன் 85, ஜூலை 80, ஆகஸ்ட் 96, செப்டம்பர் 132, அக்டோபர் 84, நவம்பர் 80, டிசம்பர் 98, 2025 ஜனவரி 72, பிப்ரவரி 66, மார்ச் 62.

பேரேடு

நன்றி தம்பி. பதிமூன்று இருப்புகளையும் கூட்டினால் 1,040. 13-ஆல் வகுத்தால் சராசரி 80 லட்சம். இப்போது 180-ஐ 80-ஆல் வகுத்தால் 2.25 தடவை, 162 நாள். மேனேஜர் சொன்ன “5 மாதத்துக்கு மேல்” இதுதான்.

ஆடிட்டர் கூட்டலில் தப்புச் செய்யவில்லை. மார்ச் 31 என்ற தேதிதான் உங்கள் கடைக்குப் பொருந்தவில்லை. பொங்கல் முடிந்து, தை, மாசி முகூர்த்தங்கள் முடிந்து, ஆடிக்கான கொள்முதல் இன்னும் தொடங்காத நேரம் அது. வருஷத்திலேயே கடை மெலிந்திருக்கும் நாள். ஏப்ரல் 1 என்பதும் அதே நாள்தான். இரண்டு மெலிந்த நாள்களைக் கூட்டி இரண்டால் வகுத்தால் மெலிந்த சராசரிதான் கிடைக்கும். செப்டம்பரில் கடையில் நின்ற 132 லட்சத்தை அந்தச் சராசரி பார்க்கவே இல்லை.

மாதக் கடைசி இருப்புகளிலும் ஓர் ஓட்டை உண்டு. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது. அதனால் உங்கள் அக்டோபர் கடைசி இருப்பு, விற்று முடித்த பிறகு மிஞ்சியது. அக்டோபர் முதல் வாரத்தில் மேலும் சரக்கு இறங்கியிருந்தால் அன்றைய இருப்பு 132-ஐயும் தாண்டியிருக்கலாம். அது இந்தப் பதிமூன்றில் எங்குமே இல்லை. 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. அதையும் நினைவில் வைத்துத்தான் அடுத்த வருஷ அக்டோபரை இதோடு ஒப்பிட வேண்டும்.

சிஏ_இன்டர்

சார், ஒரு சின்னத் திருத்தம். 13 இருப்பையும் அப்படியே கூட்டி வகுத்தால் மார்ச் மாதம் இரண்டு தடவை வந்துவிடுகிறது. முதலும் கடைசியும் பாதிப் பாதியாக எடுத்து 12-ஆல் வகுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிப் போட்டால் 980-ஐ 12-ஆல் வகுத்து 81.67 வருகிறது. சுழற்சி 2.20, நாள் 166.

இன்னொன்று. கம்பெனி சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 2021 ஏப்ரல் முதல் சரக்குச் சுழற்சி விகிதத்தை வெளியிட வேண்டும், 25 சதவீதத்துக்கு மேல் மாறினால் காரணம் எழுத வேண்டும் என்று இருக்கிறது. அதனால் எல்லோரும் ஒரே விதமாகத்தானே கணக்குப் போட்டாக வேண்டும்?

பேரேடு

பாதிப் பாதி முறைதான் இன்னும் சரி, தம்பி. நாலு நாள் வித்தியாசம். எதை எடுத்தாலும் வருஷா வருஷம் அதையே எடுத்தால் போதும்.

மூன்றாம் அட்டவணை கம்பெனிகளுக்கு. இவர்களுடையது பார்ட்னர்ஷிப். கம்பெனிகளிலும் மேலே எது, கீழே எது என்று விளக்கிச் சொல்லத்தான் அது கேட்கிறது. அதனால் இரண்டு கம்பெனிகளின் விகிதத்தை ஒப்பிடும் முன் அந்த விளக்கத்தைப் படித்துவிட வேண்டும். ஒருவர் விற்பனையை வைத்திருப்பார், இன்னொருவர் அடக்கத்தை வைத்திருப்பார்.

ஓய்வு_வங்கி

வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். மேனேஜர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கேட்கும் சிஎம்ஏ படிவத்திலேயே முடிந்த சரக்கை இத்தனை மாத அடக்கம் என்றுதான் போடச் சொல்லியிருக்கும், விற்பனையை வைத்து அல்ல. அதனால் டாலியின் 3.87-ஐக் கொண்டு போனால் முதல் பார்வையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆடிட்டர் தாளுக்கும் ஸ்டேட்மென்ட்டுக்கும் இடைவெளி இருந்தால் எங்களுக்கு முதலில் வரும் சந்தேகம், டிராயிங் பவருக்காக, அதாவது சரக்கு மதிப்பை வைத்து எடுக்கவிடும் கடன் அளவுக்காக, மாத ஸ்டேட்மென்ட்டில் சரக்கைக் கூட்டிக் காட்டுகிறார்களோ என்பது. தம்பி தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், மேனேஜர் உண்மையில் கேட்பது இதைத்தான்.

ஆகவே 80 லட்சம் என்ற சராசரியை நம்புவதற்கு முன் இரண்டு விஷயம் சொல்லுங்கள். மாதக் கடைசி இருப்பை எண்ணிப் போடுகிறீர்களா, புத்தகக் கணக்கில் போடுகிறீர்களா? ஆரணி, காஞ்சிபுரம் வியாபாரிகள் “விற்றால் பணம், இல்லாவிட்டால் திருப்பிக் கொடு” என்று வைத்துவிட்டுப் போகும் பட்டு உங்கள் இருப்பில் சேர்ந்திருக்கிறதா? அது உங்கள் பணம் போட்ட சரக்கு இல்லை.

தென்காசி_ஜவுளி

ஐயா, திருப்பிக் கொடுக்கும் சரக்கைத் தனி நோட்டில் வைத்திருக்கிறோம், ஸ்டேட்மென்ட்டில் சேர்ப்பதில்லை. மாதா மாதம் எண்ண ஆள் கிடையாது. முந்தின மாத இருப்போடு கொள்முதலைக் கூட்டி, விற்பனையில் 25 சதவீதம் லாபம் கழித்து, மீதியை அடக்கமாகக் குறைத்துவிடுவோம். எண்ணுவது மார்ச்சில் மட்டும்தான்.

ஓய்வு_வங்கி

பெரும்பாலான கடைகளில் அப்படித்தான். ஆனால் ஆடியில் தள்ளுபடி போடுகிறீர்களே, அந்த மாதத்திலும் 25 நிற்குமா? ஒரு பேச்சுக்கு, ஆடியில் 20 லட்சத்துக்கு விற்று 12 சதவீதம்தான் நின்றது என்று வையுங்கள். உண்மையில் கடையை விட்டுப் போன அடக்கம் 17.6 லட்சம். உங்கள் கணக்கு 15 லட்சம்தான் குறைத்திருக்கும். 2.6 லட்சத்துக்கு இல்லாத சரக்கு ஆகஸ்ட் ஸ்டேட்மென்ட்டில் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் வங்கியிலிருந்து ஆய்வுக்கு வந்து எண்ணினால் குறைச்சலாகத்தான் தெரியும்.

பேரேடு

ஐயா சொல்வது சரி. அதனால் சராசரி எவ்வளவு கெடும் என்றும் பார்த்துவிடலாம். வருஷக் கடைசியில் எண்ணிப் பார்த்தபோது மொத்தத்தில் சரியாக 25 வந்திருக்கிறது. ஆடியில் 12 என்றால் தீபாவளியிலும் முகூர்த்தத்திலும் 25-க்கு மேல் நின்றிருக்க வேண்டும். அதாவது ஆடியில் ஏறிய இல்லாத சரக்கு தீபாவளி விற்பனையில் தானாகக் கழிந்திருக்கும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாத இருப்பிலும் 2.6 லட்சம் கூடுதல் என்றே வைத்தாலும் பதிமூன்றின் சராசரியில் 60 ஆயிரம்தான். 162 நாள் 161 ஆகும். எந்த மாத ஸ்டேட்மென்ட்டும் துல்லியம் என்று சொல்ல முடியாது, ஆனால் வருஷச் சராசரி நிற்கும்.

ஆடி மாதத்துக்கு மட்டும் தனி லாப விகிதம் போட்டுவிட்டால் ஆகஸ்ட் ஆய்வுத் தொல்லையும் போய்விடும்.

டாலியில் கணக்கு மட்டும் போட்டுச் சரக்கைச் சேர்க்காமல் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. மாத இருப்பைத் தேதி போட்டு நீங்களே பதிந்தால்தான் அது மாறும். மார்ச்சுக்கு மட்டும் பதிந்தால் செப்டம்பர் பேலன்ஸ் ஷீட்டிலும் பழைய 58-தான் நிற்கும். அதிலிருந்து மாதச் சராசரி எடுத்தால் பயனில்லை.

தென்காசி_ஜவுளி

புரிகிறது. அப்பாவிடம் 162 நாள் என்று சொன்னதும், “அப்போ தீபாவளிக்கு ஆர்டரைக் குறைச்சிரலாமா?” என்கிறார். செப்டம்பர் 132 லட்சத்தை ஒரு நாள் அடக்கத்தால் வகுத்தால் 268 நாள் வருகிறது. பார்க்கவே பயமாக இருக்கிறது.

பேரேடு

அந்த 268-ஐ வைத்து ஆர்டரைக் குறைக்காதீர்கள். வருஷ அடக்கம் 180 லட்சத்தை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 49 ஆயிரம். இது சித்திரை மாத மதியத்தையும் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமையையும் ஒன்றாகக் கலந்த கணக்கு. அக்டோபரில் உங்கள் கடை அந்த வேகத்திலா போகிறது? செப்டம்பர் கடைசியில் 132, அக்டோபர் கடைசியில் 84. நடுவில் எவ்வளவு கொள்முதல் என்று பாருங்கள்.

தென்காசி_ஜவுளி

அக்டோபர் கொள்முதல் 8 லட்சம். எல்லாம் சைஸ் தீர்ந்துபோன ரெடிமேடும் உள்ளாடையும்.

பேரேடு

அப்படியானால் அந்த ஒரே மாதத்தில் 56 லட்சம் அடக்கமுள்ள சரக்கு போயிருக்கிறது. ஒரு நாளைக்கு 1.8 லட்சம். வருஷச் சராசரியைப் போல ஏறத்தாழ நாலு மடங்கு. ஆர்டர் போடும்போது இனி வரப்போகும் வாரங்களில் எவ்வளவு போகும் என்பதால்தான் இருப்பை வகுக்க வேண்டும். போன தீபாவளிக்கு முந்தின ஆறு வார பில்களை எடுத்து, பிரிவு வாரியாக அடக்கம் கணக்கிடுங்கள். வருஷக் கணக்கு வங்கிக்கும், போன வருஷத்தோடு ஒப்பிடுவதற்கும்தான்.

தீபாவளி முடிந்த மறுநாளும் 84 லட்சம் நிற்கிறதே, என்னைக் கேட்டால் கவலைப்பட வேண்டியது அதுதான். அதில் என்ன இருக்கிறது?

தென்காசி_ஜவுளி

மூன்று பிரிவாக எடுத்தேன். வேட்டி, லுங்கி, நைட்டி, உள்ளாடை: வருஷ அடக்கம் 66, சராசரி இருப்பு 12. ரெடிமேடும் பிள்ளைகள் துணியும்: 78, இருப்பு 34. பட்டும் முகூர்த்தச் சேலையும்: 36, இருப்பு 34.

ஈரோடு_மொத்தம்

போட்டுட்டேன் தம்பி. முதல் பிரிவு 5.5, ரெண்டாவது 2.29, மூணாவது 1.06. மூணையும் கூட்டி மூணால வகுத்தா 2.95. அப்போ ஆடிட்டர் சொன்ன 3-தான் சரி, பாருங்க!

பேரேடு

அண்ணே, அது தற்செயலாக ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். 12 லட்சம் நிற்கும் பிரிவுக்கும் 34 லட்சம் நிற்கும் பிரிவுக்கும் சம எடை கொடுத்துவிட்டீர்கள். அடக்கம் மூன்றையும் கூட்டினால் 180, இருப்பு மூன்றையும் கூட்டினால் 80. வகுத்தால் திரும்பவும் 2.25-தான். விகிதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது, ரூபாயைக் கூட்டிவிட்டுத்தான் வகுக்க வேண்டும்.

நாள் கணக்கில் பார்த்தால் வேட்டி, உள்ளாடை 66 நாள், ரெடிமேட் 159 நாள், பட்டு 345 நாள். 162 நாள் நிற்கிற சரக்கு என்று ஒன்று உங்கள் கடையில் இருக்கிறதா என்றால், ரெடிமேட் மட்டும்தான் அதற்குப் பக்கத்தில் வருகிறது. பட்டில் போட்ட பணம் திரும்பி வர ஏறக்குறைய ஒரு வருஷம்.

நகைக்கடை_காரைக்குடி

எங்களுக்கும் சுழற்சி ஒன்றை ஒட்டித்தான், ஆனால் ரூபாயில் பார்ப்பதை விட்டுவிட்டோம். தங்கம் ஏறிக்கொண்டே போகும்போது விற்ற நகைக்குப் பழைய வாங்கின விலை, கையில் நிற்கும் நகைக்குப் புது விலை என்று ஆகிவிடுகிறது. மேலே சின்ன எண், கீழே பெரிய எண். வியாபாரம் மந்தம் போலவே தெரியும். கிராமில் விற்றதைக் கிராமில் நிற்பதால் வகுத்தால் உண்மை தெரிகிறது. ஜவுளியில் பீஸ் கணக்கில் பார்க்க முடியாதா?

பேரேடு

பட்டுப் பிரிவுக்குள் மட்டும் பீஸ் கணக்குப் பார்க்கலாம். உள்ளாடையையும் பட்டையும் பீஸில் சேர்த்தால் அர்த்தமில்லை.

சேலைக்கடை_அக்கா

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கணக்கெல்லாம் சரிதான். ஆனால் அடுத்து “பட்டைக் குறை” என்று யாராவது சொல்லப்போகிறீர்கள், அதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வருகிறவர்கள் முகூர்த்தப் பட்டைத்தான் முதலில் பார்ப்பார்கள். ராணி கலரில் நாலு, அரக்கில் நாலு, பாசிப்பச்சையில் நாலு என்று விரித்துப் போட்டால்தான் பாயில் உட்காருவார்கள். இரண்டு சேலையை மட்டும் காட்டினால் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். பட்டு எடுத்த இடத்திலேயே மாப்பிள்ளை வேட்டி, சம்பந்தி வீட்டுக்குச் சேலை, பிள்ளைகளுக்குத் துணி எல்லாம் எடுப்பார்கள். அந்த 66 நாள் வேட்டியைப் பட்டுதான் விற்றுக் கொடுக்கிறது தம்பி. தவிர பட்டில் நிற்கும் லாபம் உள்ளாடையில் நிற்குமா?

பேரேடு

அக்கா, லாபத்தையும் சேர்த்தே பார்த்துவிடலாம். தம்பி, பிரிவு வாரியாக எவ்வளவு நிற்கிறது?

தென்காசி_ஜவுளி

பட்டில் 35 சதவீதம், வேட்டி உள்ளாடையில் 15, ரெடிமேடில் 27 இருக்கும்.

பேரேடு

பட்டின் அடக்கம் 36 லட்சம், 35 சதவீதம் நிற்கிறது என்றால் விற்பனை 55.4 லட்சம், லாபம் 19.4 லட்சம். அதைச் சம்பாதிக்க 34 லட்சம் நிற்கிறது. போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் வருஷத்துக்கு 57 பைசா. வேட்டி உள்ளாடையில் லாபம் 11.6 லட்சம்தான், ஆனால் அதற்கு நிற்பது 12 லட்சம். ரூபாய்க்கு 97 பைசா. ரெடிமேடில் 85 பைசா. லாப விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தும், பணம் முடங்குவதால் பட்டு கடைசியில் நிற்கிறது.

பட்டு ஆளை இழுத்து வருகிறது என்று அக்கா சொல்வது இந்தக் கணக்குக்குள் வராது, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு பில்களைத்தான் பார்க்க வேண்டும். பட்டு உள்ள பில்களில் எத்தனையில் மற்றப் பிரிவும் இருக்கிறது?

தென்காசி_ஜவுளி

வைகாசி முகூர்த்த பில்களை எடுத்துப் பார்த்தோம். பட்டு உள்ள பில்களில் ஏறக்குறைய பத்தில் ஆறு பில்லில் வேட்டியோ ரெடிமேடோ சேர்ந்திருக்கிறது. அக்கா சொன்னதில் உண்மை இருக்கிறது என்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

ஈரோடு_மொத்தம்

பத்துல ஆறுன்னா நல்லாத்தான் இருக்கு. ஆனா பட்டு கம்மியா இருந்திருந்தாலும் அதுல பாதிப்பேர் உங்க கடைக்கே வந்திருப்பாங்கல்ல? பழகின குடும்பம்தானே?

சேலைக்கடை_அக்கா

வரமாட்டார்கள் அண்ணா. பழகின குடும்பம் தீபாவளிக்கு வரும். கல்யாணத்துக்கு ஊரில் இருக்கும் எல்லாக் கடையும் ஏறி இறங்கும்.

பேரேடு

இதில் நான் அக்கா பக்கமும் இல்லை, அண்ணன் பக்கமும் இல்லை. அந்த 34 லட்சம் முழுக்கவே ஆளை இழுக்கிறதா, அதில் ஒரு பகுதி சும்மா கிடக்கிறதா என்பதுதான் என் கேள்வி. தம்பி, ஒவ்வொரு பட்டின் டேக்கிலும் வந்த மாதம் குறித்திருப்பீர்களே, அதை வைத்துப் பிரித்துப் பாருங்கள்.

தென்காசி_ஜவுளி

பிரித்தாச்சு. நேற்று ராத்திரி கடை அடைத்த பிறகு பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். 34-இல் 23 லட்சம் போன தீபாவளிக்கு முன்னும் பின்னுமாக வந்தது. மீதி 11 லட்சம் 2023 தீபாவளிக்கும் முன்னால் வந்த லாட். கனத்த பார்டர், பழைய மோஸ்தர் புட்டா. சிலவற்றில் மடிப்பு ஓரத்தில் ஜரிகை கறுத்திருக்கிறது. விரித்துக் காட்டுவதையே விற்பனைப் பெண்கள் விட்டுவிட்டார்கள்.

அப்பா அதை 7 லட்சத்துக்கு மதிப்பைக் குறைத்துக் கணக்கில் போடலாமா என்கிறார். அப்படிச் செய்தால் சுழற்சியும் நன்றாகத் தெரியுமா?

ஓய்வு_வங்கி

ரொம்பப் பழைய சரக்கை டிராயிங் பவரில் சேர்க்கக் கூடாது என்று உங்கள் அனுமதிக் கடிதத்தில் நிபந்தனை இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் இருக்கும். எத்தனை நாள் என்பது வங்கிக்கு வங்கி மாறும். மேனேஜர் கேட்கும் முன் நீங்களே தனியாகக் காட்டுவது நல்லது.

பேரேடு

இருப்பை அடக்கவிலை, விற்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும். ஆகவே ஜரிகை கறுத்த சேலைக்கு மதிப்பைக் குறைப்பது முறைதான். அது இந்த வருஷக் கணக்கில்தான் வரும். போன வருஷத்தை முடித்தாகிவிட்டது.

ஆனால் சுழற்சி என்ன ஆகும் என்று பாருங்கள். போன வருஷ எண்களிலேயே சொல்கிறேன், புரிய எளிதாக இருக்கும். மதிப்பு 4 லட்சம் குறைந்தால் கடைசி இருப்பு 62-க்குப் பதில் 58. அந்த 4 லட்சம் எங்கே போகும்? 242-இல் 58 கழிந்து அடக்கம் 184 ஆகிவிடும். மேலே ஏறுகிறது, கீழே இறங்குகிறது. ஆடிட்டர் முறையில் 184-ஐ 58-ஆல் வகுத்தால் 3.17, 115 நாள். ஏழு நாள் குறைந்துவிட்டது, பீரோவிலிருந்து ஒரு சேலையும் போகவில்லை. அடுத்த வருஷமும் குறைந்த இருப்பிலிருந்தே தொடங்குவதால் அப்போதும் கொஞ்சம் நன்றாகவே தெரியும்.

அதனால் மதிப்புக் குறைத்த 4 லட்சத்தை அடக்கத்தில் சேர்க்காமல் தனி வரியாக வைத்து, சுழற்சியை அது இல்லாமல் போட்டுக் காட்டுங்கள். மேனேஜருக்குக் கொடுக்கும் தாளில் ஆடிட்டரின் 122 நாளையும் மாதச் சராசரியின் 162 நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 13 மாத இருப்பையும் கீழே கொடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் இடையில் என்ன நடந்தது என்று செப்டம்பர் 132-ஐப் பார்த்தாலே அவருக்கு விளங்கும்.

தென்காசி_ஜவுளி

அப்படியே ஒரு தாளில் போட்டுக் கொடுத்துவிட்டேன் சார். மேனேஜர் படித்துப் பார்த்துவிட்டு, இடைவெளி பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பட்டுக்கு மட்டும் ஒரு வருஷத்துக்கு மேற்பட்டதைத் தனிப் பட்டியலாகக் கேட்டிருக்கிறார். பழைய லாட்டை ஆடியில் தனி மேசை போட்டுத் தள்ளிவிடலாம் என்கிறேன் நான். ஒரே கடையில் கறுத்த ஜரிகையும் புதுப் பட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் முகூர்த்தக்காரர்கள் புதுசையும் சந்தேகப்படுவார்கள் என்கிறார் அப்பா. அக்கா, உங்கள் கடையில் இதை எப்படிச் செய்கிறீர்கள்?

சேலைக்கடை_அக்கா

ஆடியில் பட்டுத் தளத்தில் வைக்காதீர்கள், அப்பா சொல்வது சரி. கீழே காட்டன் சேலைப் பக்கம் வையுங்கள். ஜரிகை கறுத்ததைத் தனியாக எடுத்துவிடுங்கள், அதைப் பழைய ஜரிகை எடுப்பவர்கள் எடைக்கு வாங்குவார்கள். என்ன விலை என்பது ஜரிகையில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது, இரண்டு மூன்று பேரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.